அம்பு பார்க்கிங்குக்கு வழி காட்டவில்லை, தங்கச்சி!

மாமல்லபுரத்திலிருந்து நீ அனுப்பிய போட்டோ வந்தது. "அக்கா, அம்பு வலது பக்கம் காட்டுது. அந்தப் பக்கம் போய் நிறுத்தச் சொல்றாங்களா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லை. அந்த அம்பு காட்டுகிற பக்கத்தில்தான் நிறுத்தவே கூடாது. லைசென்ஸ் வாங்கிய புதிதில் எல்லாருக்கும் வருகிற சந்தேகம்தான் இது. எல்.எல்.ஆர். தேர்வில் வட்டத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். வட்டத்துக்குக் கீழே தொங்குகிற சின்னத் தகடுகளை யாரும் கேட்பதில்லை. ஆனால் அபராதம் விழுவதும் விழாமல் இருப்பதும் பெரும்பாலும் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. அதனால் உன் போட்டோவையே வைத்து மேலிருந்து கீழே வருவோம்.

மேலே நீல வட்டம், சுற்றிச் சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. இது நோ பார்க்கிங். சில பலகைகளில் 'பி' என்ற ஆங்கில எழுத்தை எழுதி அதன்மேல் கோடு போட்டிருப்பார்கள், அதற்கும் அர்த்தம் இதுதான். கோடு இரண்டாகி, நீல வட்டத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி இருந்தால் அது நோ ஸ்டாப்பிங். நம் நாட்டுப் பலகைகளுக்கான அளவும் நிறமும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிடும் ஐ.ஆர்.சி. 67 என்ற கையேட்டில் இருக்கின்றன. 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையை ஒட்டிய வடிவம் என்பதால், பாரிஸில் கார் ஓட்டுகிற நம் பாண்டிச்சேரி சொந்தக்காரர்களும் இதே ஒற்றைக் கோட்டையும் இரட்டைக் கோட்டையும்தான் பார்க்கிறார்கள்.

ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் என்ன வித்தியாசம்? செங்கல்பட்டு ஜங்ஷன் வாசலுக்கு அம்மாவை ரயிலேற்றப் போகிறாய் என்று வைத்துக்கொள். ஒற்றைக் கோடு இருக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தி, அம்மாவையும் பையையும் இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். இறக்குவதும் ஏற்றுவதும் பார்க்கிங் ஆகாது. பெருக்கல் குறி இருந்தால் அதற்கும் அனுமதி இல்லை. சிக்னலில் நிற்பது, முன்னால் வண்டி நின்றதால் நிற்பது, போலீஸ்காரர் கை காட்டி நிற்பது தவிர வேறு எதற்கும் சக்கரம் நிற்கக் கூடாது. வளைவு, பாலத்தின் வாய், பஸ் திரும்புகிற முனை என்று ஒரு வண்டி நின்றாலே பின்னால் அடைத்துக்கொள்கிற இடங்களில்தான் இந்தப் பலகையை வைப்பார்கள்.

இங்கே எல்லாரும் நம்புகிற இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ரயில் லேட் என்று நோ பார்க்கிங்கில் எஞ்சினை ஓடவிட்டபடி சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது பார்க்கிங் இல்லை என்று நினைக்கிறார்கள். ஆள் உள்ளே இருக்கிறாரா என்பது கேள்வி இல்லை. வண்டி காத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஆள் இருந்தால் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி நகர்த்தச் சொல்லிவிட்டுப் போவார், அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே. இன்னொன்று, நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மினுக்கவிட்டால் எங்கும் நிற்கலாம் என்பது. அந்த விளக்கு வண்டி பழுதாகி நின்றுவிட்டது என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்கு. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குகிற நேரத்துக்கு அது கேடயம் ஆகாது.

இனி உன் போட்டோவில் இருக்கிற முதல் வெள்ளைத் தகடு. கறுப்பு எழுத்தில் இரண்டு வரி: காலை 8 – 11, மாலை 4 – 8. சிவப்பு வளையத்துக்குக் கீழே எழுதப்படுகிற நேரம் தடை நடப்பில் இருக்கிற நேரம். அந்த நேரத்தில் நிறுத்தக் கூடாது, மற்ற நேரத்தில் இந்தப் பலகை உன்னைத் தடுக்கவில்லை. இதையே நீலச் சதுரத்தில் வெள்ளை 'பி' எழுதிய பலகைக்குக் கீழே பார்த்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். அங்கே நேரம் என்றால் நிறுத்தலாம் என்கிற நேரம். தகட்டை மட்டும் ஜூம் பண்ணி எடுத்து அனுப்பினால் என்னால் பதில் சொல்ல முடியாது என்று உன்னிடம் சொன்னது அதனால்தான். மேலே இருப்பது வட்டமா சதுரமா என்று தெரியாமல் கீழே இருக்கிற நேரத்தைப் படிக்க முடியாது.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று இருபது. தகட்டில் கிழமை எதுவும் எழுதவில்லை, ஆகவே ஞாயிறுக்கும் சேர்த்துத்தான். 'ஞாயிறு நீங்கலாக' என்று இருந்தால்தான் விலக்கு. "மூணு இருபதுதானே, தடை நாலு மணிக்குத்தானே, நிறுத்திட்டேன்" என்று நீ சொல்வது அந்த நிமிஷத்துக்குச் சரி. ஆனால் பார்க்க வேண்டியது நீ வருகிற நேரத்தை இல்லை, வண்டியை எடுக்கப் போகிற நேரத்தை. நாலு மணி அடித்ததும் அந்த இடம் நோ பார்க்கிங் ஆகிவிடும். முன்னாலேயே வந்து நின்ற வண்டிக்கு அதில் சலுகை கிடையாது. ஆக உன் கையில் இருந்தது நாற்பது நிமிஷம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட். அதை வாங்கினால் இரண்டையும் பார்க்காமல் வரமாட்டாய். இரண்டுக்கும் நடுவில் நடை வேறு இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுகிறார்கள் என்பதால் கடைசிவரை இருந்துவிட்டுத்தான் திரும்புவாய். அந்த இடம் இளநீர் குடித்துவிட்டு, பவழமாலைக் கடையில் ஒரு விலை கேட்டுவிட்டுக் கிளம்ப சரி, கோயில் பார்க்க ஆகாது. கட்டண பார்க்கிங்குக்குப் போயிருக்க வேண்டும்.

நேரத் தகட்டில் இன்னும் கொஞ்சம் கவனி. சில பழைய தகடுகளில் வெறும் '8 – 8' என்று இருக்கும், காலையா இரவா என்று எழுதியிருக்காது. கடைத்தெருவில் இருந்தால் பகல் எட்டிலிருந்து இரவு எட்டு என்றே எடுத்துக்கொள். ஆங்கிலத்தில் ஏ.எம்., பி.எம். தேய்ந்துபோய், தமிழில் 'காலை' மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு. இரண்டு மொழியில் எழுதியிருந்தால் இரண்டையும் படித்துப் பார். தகட்டில் லாரி படமோ பஸ் படமோ இருந்தால் தடை அந்த வண்டிகளுக்கு மட்டும். நேரத் தகடே இல்லை என்றால் மகிழ்ச்சி அடையாதே. நேரம் எழுதாத வட்டம் இருபத்துநாலு மணி நேரமும், வாரம் முழுக்கவும்.

அடுத்தது அம்பு. கொஞ்சம் நிதானமாகப் படி, நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் இது.

அம்பு இருக்கிற தகடு தடை எந்த நீளத்துக்கு என்று சொல்கிறது. ஒரு தெருவின் ஓரத்தைத் துணி அளக்கிற மாதிரி எண்ணிக்கொள். ஒரு முனையில் ஒரு பலகை, மறுமுனையில் ஒரு பலகை, இரண்டின் அம்பும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். நடுவில் இருக்கிற நீளம் முழுக்கத் தடை. தெரு நீளமாக இருந்தால் நடுவில் ஒரு பலகை வைத்து இரண்டு பக்கமும் அம்பு போட்டிருப்பார்கள். இன்னும் முடியவில்லை, இங்கிருந்து இரண்டு திசையிலும் தொடர்கிறது என்று அர்த்தம்.

வலது அம்பு என்றால் யாருக்கு வலது? பலகையைப் பார்த்து நிற்கிற உனக்கு வலது. இதைக் காருக்குள் இருந்தே கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. நாம் இடது ஓரம் ஓட்டுகிறவர்கள். இடது ஓரத்தில் சாலையைப் பார்த்து ஒரு பலகை நிற்கிறது. வண்டியில் இருந்தபடி அதை நோக்கித் திரும்பினால், நீ போகிற திசை உனக்கு வலது கை பக்கம் வரும். ஆகவே இடது ஓரப் பலகையில் வலது அம்பு என்றால் தடை இங்கிருந்து முன்னால் போகிறது. இடது அம்பு என்றால் நீ கடந்து வந்த நீளம் தடைக்குள் இருந்தது, இங்கே முடிகிறது. வீட்டு வாசலில் கார் பக்கத்தில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் மனதில் ஏறிவிடும். ஒருவழித் தெருவில் மட்டும் ஜாக்கிரதை. அங்கே வலது ஓரத்திலும் பலகை உன் திசைக்காகவே நிற்கும், அந்த ஓரத்தில் இந்தக் கணக்கு மாறிவிடும். வலது அம்பு பின்னால் காட்டும்.

உன் போட்டோவில் இடது ஓரம், வலது அம்பு. தடை அந்தக் கம்பத்திலிருந்து முன்னால் ஆரம்பிக்கிறது. நீ என்ன செய்தாய்? அம்பு சொல்கிறது என்று கம்பத்தைத் தாண்டி முன்னால் போய் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாய். மணி நாலுக்குள் எடுத்துவிட்டதால் பிரச்சினை இல்லாமல் போயிற்று. நாலே கால் என்றால் தடையின் நட்டநடுவில் இருந்திருப்பாய். கம்பத்துக்கு முன்னாலேயே, அதாவது நீ வந்த பக்கத்திலேயே நிறுத்தியிருந்தால் இந்தப் பலகை உன்னைத் தொட்டிருக்காது. அதற்காக அங்கே நிறுத்தலாம் என்று உடனே முடிவுகட்டாதே, அதற்கு இன்னொரு பார்வை வேண்டும், கீழே சொல்கிறேன்.

அம்பே இல்லாத வட்டம் என்றால்? பலகையிலிருந்து முன்னால், அடுத்த தெரு பிரிகிற இடம்வரை, அந்த ஓரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள். எதிர் ஓரத்துக்குத் தனிப் பலகை வேண்டும், இருந்தால் அதை அங்கே போய்ப் படி. படுக்கையாக இல்லாமல் அம்பு மேலும் கீழுமாக இருந்தால், மேல்நோக்கி இருப்பது இங்கிருந்து தொடக்கம், கீழ்நோக்கி இருப்பது இத்தோடு முடிவு. வரும் வண்டிகளை நேராகப் பார்த்து நிற்கிற பலகைக்கு அந்த அம்புதான் பொருந்தும். அப்படி நிற்கிற பலகையில் படுக்கை அம்பைப் போட்டுவிட்டால் அது நடுச்சாலையையோ கடைக்குள்ளேயோ காட்டிக்கொண்டு நிற்கும். லாரி இடித்துக் கம்பம் திரும்பிப்போனாலும் இதே கதைதான். அப்போது தகட்டை நம்பாமல், நூறடி நடந்து இணைப் பலகை எங்கே இருக்கிறது என்று பார். இரண்டு பலகையும் கண்ணில் பட்டால்தான் தடையின் நீளம் தெரியும். உன் போட்டோவில் இருந்தது ஒரு பலகைதான். தடை தொடங்கும் இடம் அதில் இருக்கிறது, முடியும் இடம் இல்லை.

அதனால் போட்டோ எப்படி எடுப்பது என்றும் சொல்கிறேன், எனக்கு அனுப்பினாலும் சரி, பின்னால் சலான் வந்து பேச வேண்டி வந்தாலும் சரி. முதலில் கம்பம், வண்டி, தெரு மூன்றும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று. பிறகு வட்டமும் தகடுகளும் ஒன்றாக விழுகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று. அடுத்த கம்பத்தைத் தேடி அதையும் ஒன்று. செல்ஃபி கேமராவில் பலகையோடு சேர்ந்து எடுத்தால் சில போன்களில் படம் இடம் வலம் மாறிப் பதிவாகும், அம்பும் மாறிவிடும். தகட்டு எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடு. இரவில் பிளாஷ் போடாதே. இந்தப் பலகைகளில் ஒட்டியிருப்பது ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஷீட். பிளாஷும் அப்படியே உன் லென்ஸுக்குத் திரும்பி வந்து, எழுத்தெல்லாம் வெள்ளையாகிவிடும். பிளாஷை அணைத்து, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து எடு.

கடற்கரைப் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை தனியாக இருக்கிறது. வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்பு. உப்புக்காற்று வேறு ஓரத்தை அரித்துவிடும். நாலைந்து வருஷம் போன பலகையில் நீலம் அப்படியே இருக்கும், சிவப்பு விளிம்பும் கோடும் வெளிறிய ரோஸ் நிறமாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் நீல வட்டம். வெறும் நீல வட்டம் என்று நம் சாலையில் ஒரு பலகை கிடையாது. நீல வட்டத்துக்குள் வெள்ளை அம்போ படமோ இருந்தால் 'இப்படித்தான் போக வேண்டும்' என்ற கட்டாயப் பலகை. உள்ளே ஒன்றுமே இல்லை என்றால் அது வெளுத்துப்போன நோ பார்க்கிங் அல்லது நோ ஸ்டாப்பிங். கிட்டே போய் விளிம்பைப் பார், கோடு ஒன்றா இரண்டா என்று நிழல் மாதிரியாவது தெரியும். கட்சிப் போஸ்டரும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும் பாதிக் கோட்டை மறைத்திருந்தாலும் இதே வைத்தியம்தான். தெரியவில்லை என்றால் இரண்டு கோடு என்றே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடு.

இப்போது அந்த இன்னொரு பார்வை. அம்புக்கு வெளியே இருக்கிற இடமெல்லாம் பார்க்கிங் ஆகிவிடாது. பலகையே இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாத இடங்கள் விதிப்படி இருக்கின்றன: ரோடு சந்திக்கிற முனை, வளைவு, ஜீப்ரா கிராசிங், நடைபாதை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் அல்லது ஆஸ்பத்திரி வாசல், ஒருவருடைய கேட், ஏற்கெனவே நிற்கிற வண்டிக்குப் பக்கவாட்டில் இரண்டாவது வரிசை. செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறபோது இதை நினைவில் வை. உள்ளே இருக்கிறவரைப் பற்றிய பதற்றத்தில் கேட்டை ஒட்டி விட்டுவிட்டு ஓடத் தோன்றும், ஆம்புலன்ஸ் திரும்புகிற இடம் அதுதான். உன் போட்டோவில்கூட கம்பத்துக்குப் பின்னால், இடது ஓரத்தில், ஒரு சந்து பிரிவது லேசாகத் தெரிகிறது. அந்த முனையை விட்டுத் தள்ளித்தான் நிறுத்த முடியும்.

இ.சி.ஆர். வேறு மாதிரி. அங்கே பலகை குறைவு, வேகம் அதிகம். முட்டுக்காடு பாலத்தில் கழிமுகத்தைப் பார்த்ததும் ஓரம் கட்டிப் படம் எடுக்க ஆசை வரும். பாலத்தில் நிற்காதே, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நுங்குக் கடைக்கு நிறுத்துவதென்றால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் நாலு சக்கரமும் இறங்கிய பிறகு நிறுத்து. இரண்டு சக்கரம் தாரிலும் இரண்டு மண்ணிலுமாக நிற்கிற கார்தான் பின்னால் வருகிற பஸ்ஸுக்குக் கண்டம். இறங்குகிறபோது கதவைத் திறக்கும் முன் கண்ணாடியைப் பார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கடை வாசலில் கடைக்காரரே எழுதி வைக்கிற 'நோ பார்க்கிங்', 'மீறினால் காற்று பிடுங்கப்படும்' பலகைகளுக்கு என்ன மதிப்பு என்றும் கேட்டிருந்தாய். சாலைப் பலகை வைக்கிற அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 116ஆம் பிரிவுப்படி அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். கடைக்காரர் எழுதியதற்காகப் போலீஸ் சலான் போடாது, காற்றைப் பிடுங்குகிற உரிமையும் அவருக்கு இல்லை. ஆனால் அது ஒரு வாசலை அடைக்கிற இடமாக இருந்தால் விதிப்படியே நீ நிற்கக் கூடாது. வீட்டு கேட் என்றால் பலகையைப் பற்றி வாதாடாமல் நகர்ந்துவிடு. போலீஸ் வைக்கிற தடுப்புக் கட்டையும் தற்காலிகப் பலகையும் வேறு. காணும் பொங்கல் மாதிரி நாளில் மாமல்லபுரத்துக்குள் வண்டி விடாமல் வெளியிலேயே நிறுத்தச் சொன்னால், நிரந்தரப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டிப் பயனில்லை. அன்றைக்கு அங்கே நிற்கிற காவலர் சொல்வதுதான்.

அபராதக் கணக்கு சின்னது. 177ஆம் பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி செய்தால் 1500. தமிழ்நாட்டில் இந்தத் தொகை 2022 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. பெரிய தலைவலி 127ஆம் பிரிவு. தடைசெய்த இடத்தில் நிற்கிற வண்டியை இழுத்துப் போகவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம், இழுத்த செலவும் நம் தலையில்தான். சலான் விழுந்திருக்கிறதா என்று echallan.parivahan.gov.in பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எஸ்.எம்.எஸ்ஸில் வருகிற வேறு எந்த லிங்க்கையும் தொடாதே, போலி சலான் லிங்க் நிறைய சுற்றுகிறது.

உண்மையிலேயே தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று பட்டால், அங்கேதான் நீ எடுத்த மூன்று போட்டோவும் உதவும். சலானில் இருக்கிற நேரத்தைத் தகட்டு நேரத்தோடும், வண்டி நின்ற இடத்தை அம்போடும் ஒப்பிட்டுப் பார். சலான் மூன்றே முக்காலுக்கு, தடை நாலுக்கு என்றால் பேச உனக்கு இடமிருக்கிறது. நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு என்றால் கட்டிவிடு.

அடுத்த வாரம் திருக்கழுக்குன்றம் வழியாக வருகிறாய் அல்லவா, கிரிவல நாளாக இருந்தால் மலையைச் சுற்றிய தெருக்களில் கார் நிறுத்த நினைக்காதே. ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நட. வழியில் குழப்பமான பலகை ஏதாவது கண்ணில் பட்டால் வண்டியை ஓரம் கட்டி எடுத்து அனுப்பு. ஓரம் கட்டுகிற இடத்தில் பெருக்கல் குறி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.